கவனம் சிதறும் பிள்ளை சாதாரண வகுப்பில்: இருக்கை, வேலைப் பிரிப்பு, வழமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதிலுக்கும் ஒரே பிள்ளையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்: தரம் 4, ஒன்பது வயதுப் பையன், வகுப்பில் 36 பேர். வாய்க்கணக்கு கேட்டால் டக்கென்று சொல்வான், கொப்பியில் எழுதச் சொன்னால் இரண்டு கணக்கோடு நின்றுவிடுவான். பென்சில் எப்போதும் மேசைக்குக் கீழேதான் கிடக்கும். இப்படி ஒருவன் பெரும்பாலான வகுப்புகளில் இருப்பான்.

முன் வரிசையில் இருத்திப் பார்த்திட்டன் ரீச்சர், ஒரு மாற்றமும் இல்லை. வேறெங்கே இருத்துறது?

முன் வரிசை என்பது பாதி விடைதான். அவன் கண்ணுக்கு முன்னால் என்ன அசைகிறது, காதில் என்ன விழுகிறது, உங்கள் கை அவன் மேசைக்கு எட்டுமா, இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். நம்முடைய பல வகுப்பறைகளுக்கு அரைச்சுவர்தான். வெளியே போகிறவர், வருகிறவர், தண்ணீர்க் குழாயடி எல்லாம் தெரியும். நகரத்துக்குள் புள்ளிமான்கள் சாதாரணமாக நடமாடும் ஊர் இது. வாசலோரத்து முன் கதிரையில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு மான் மைதானத்தில் மேய்ந்தால் போதும், பாடம் முடிந்தது. பக்கத்து வகுப்போடு இடையில் தட்டி மட்டும் இருந்தால், தட்டிக்குக் கிட்ட இருப்பவன் அந்த வகுப்பின் வாய்ப்பாட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.

வகுப்பு நடக்கும்போது, வேறொரு ஆசிரியரோ மாணவரோ ஏதாவது வாசித்துக்கொண்டிருக்கும் ஐந்து நிமிடத்தில், நீங்கள் போய் அந்தப் பிள்ளையின் கதிரையில் இருந்து பாருங்கள். அவனுடைய உயரத்துக்குக் குனிந்து இருக்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாதவை அப்போது தெரியும்: முன்னால் தொங்கும் கடதாசி அலங்காரம் காற்றாடிக் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும், கரும்பலகையின் ஒரு மூலை வெயிலில் பளபளத்து எழுத்து தெரியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னொரு முறை பாருங்கள், அப்போது யன்னல் பக்கமே வேறு மாதிரி இருக்கும்.

இந்தப் பையனுக்கு இரண்டாம் வரிசையில் சுவரோரக் கதிரை சரியாக வந்தது. அரைச்சுவருக்கு எதிர்ப்பக்கம், நான் வரிசைகளுக்கு நடுவே நடக்கும் பாதையின் ஓரம். முதல் வரிசையில் இருந்தபோது பின்னால் கேட்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்போடு திரும்பிக்கொண்டிருந்தான். இரண்டாம் வரிசையில் முன்னால் ஒரு பிள்ளை கொப்பியைத் திறப்பது தெரிகிறது, அதைப் பார்த்து அவனும் திறக்கிறான். பக்கத்தில் யார் என்பதும் முக்கியம். கெட்டிக்காரப் பிள்ளையைத் தேடாதீர்கள். அமைதியாகத் தன் வேலையைச் செய்து, இவன் கூப்பிட்டால் சிரித்துவிட்டுத் திரும்பவும் எழுதத் தொடங்கும் பிள்ளை வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை பெரும்பாலும் இவனுடைய கணக்கையும் சேர்த்துச் செய்து கொடுத்துவிடும்.

தனியே ஒரு மேசையைப் போட்டு என்னுடைய மேசைக்குப் பக்கத்தில் இருத்திவிட்டால் என்ன?

இருத்தலாம், ஆனால் நாள் முழுக்க வேண்டாம். இரண்டு கிழமையில் அது குற்றவாளிக் கூண்டு போலாகிவிடும், இடைவேளையில் மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான் நடத்துவார்கள். அதைவிட, வகுப்பின் ஒரு மூலையில் 'அமைதி மேசை' என்று ஒன்று போட்டு யார் வேண்டுமானாலும் பத்து நிமிடம் போய் எழுதலாம் என்று விடுங்கள். முதல் நாட்களில் நல்லாய்ப் படிக்கிற ஒரு பிள்ளையை அங்கே அனுப்புங்கள். பிறகு இவனும் கேட்டுப் போவான்.

மேசைகளைக் குழுவாகப் போடச் சொல்லித்தானே எங்களுக்குப் பயிற்சி தந்தது? வரிசையாகப் போட்டால் பார்க்க வருகிறவர்கள் குறை சொல்ல மாட்டார்களா?

பேசிச் செய்யும் வேலைக்குக் குழு நல்லது, தனியே எழுதும் வேலைக்கு வரிசை நல்லது. ஆறு பேர் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இருக்கும்போது 'கதைக்காமல் எழுதுங்கள்' என்றால் பெரியவர்களுக்கே கஷ்டம். இருக்கை பற்றிய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: தனி வேலையில் வரிசையாக இருத்தினால் வேலையில் நிற்கும் நேரம் கூடுகிறது, அதிகம் பயன் பெறுவது இலகுவில் கவனம் சிதறும் பிள்ளைகள்தான்.

எல்லா மேசைகளையும் தினமும் இழுக்கத் தேவையில்லை. சுற்றாடல் பாடத்தில் குழுவாக இருக்கட்டும். எழுதும் நேரம் வந்ததும் 'பலகைப் பக்கம்' என்று ஒரே சொல், எல்லோரும் கதிரையை மட்டும் பலகையைப் பார்த்துத் திருப்புவார்கள். குழுவில் அவனுடைய இடம் ஓரத்தில், பலகைக்கு முகமாக இருந்தால் அவன் கதிரையைத் திருப்பக்கூட வேண்டாம். பார்க்க வருகிற ஆசிரிய ஆலோசகருக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். காரணத்தோடு செய்ததைக் குறை சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பத்துக் கணக்குக் கொடுத்தால் இரண்டோடு நிற்கிறான். இவனுக்கு மட்டும் ஐந்தாகக் குறைத்துக் கொடுக்கவா?

முதலில் குறைக்காமல் பிரித்துப் பாருங்கள். இரண்டும் வேறு. குறைத்தால் அவன் பயிற்சி குறைவாகவே பெறுவான், வருட முடிவில் கணக்கிலும் பின்தங்குவான். பிரித்தால் அதே பத்தைத்தான் செய்வான், ஆனால் ஒரு தடவையில் அவன் கண் முன்னால் மூன்றுதான் இருக்கும்.

எத்தனையாகப் பிரிப்பது என்பதை ஊகிக்க வேண்டாம், பார்த்து அறியலாம். எழுதத் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல்முறை தலை நிமிர்ந்து வேறெங்கோ போகும் நேரத்தையும் குறியுங்கள். சில நாள் இப்படிப் பார்த்தால் ஒரு அளவு தெரியும். இந்தப் பையனுக்கு அது ஐந்து நிமிடத்துக்குக் கிட்ட இருந்தது. அப்படியென்றால் ஒரு பகுதி நாலு நிமிடத்தில் முடிய வேண்டும், அதாவது அவன் வழிதவறுவதற்குச் சற்று முன்னாலேயே. அவன் களைத்த பிறகு முடியும் பகுதியால் பயனில்லை.

ஈரிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் பெருக்கும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பாடநேரம் 40 நிமிடம், விளக்கம் 12 நிமிடம். பிறகு வேலை இப்படிப் போனது:

முதல் துண்டு: 12×3, 23×2, 31×3. மூன்றிலும் கொண்டுபோதல் இல்லை. இலகுவாக இருக்க வேண்டும் என்றே வைத்தது, ஏனென்றால் அவனுக்குத் தொடங்குவதுதான் பெரிய மலை. இரண்டாம் துண்டு: 24×3, 36×2, 18×4. இங்கே கொண்டுபோதல் வருகிறது. மூன்றாம் துண்டில் 47×6, 58×4 இரண்டு மட்டும், ஏனென்றால் இவை கடினம், நேரமும் கூட எடுக்கும். மிச்சம் இரண்டு கணக்கு வீட்டுவேலை.

ஒவ்வொரு துண்டும் ஒரு சின்னக் கடதாசி. ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, ஒரு பிரதி எடுத்து, கத்தரியால் வெட்டினால் போதும். முதல் துண்டு அவன் மேசையில், இரண்டாவது என் சட்டைப்பையில், மூன்றாவது என் மேசையில். முடித்ததும் கையை உயர்த்துவான், நான் போய் ஒரு கணக்கை மட்டும் பார்த்துச் சரி போட்டு அடுத்த துண்டை வைப்பேன். இரண்டாம் துண்டு முடிந்ததும் அவனே எழுந்து வந்து என் மேசையிலிருந்து மூன்றாவதை எடுப்பான். அந்தப் பத்து அடி நடை அவனுக்குத் தேவை. எப்படியும் எழும்பத்தான் போகிறான், வேலைக்காக எழும்பட்டுமே.

அப்புறம், பலகையிலிருந்து பார்த்தெழுதுவது. பத்துக் கணக்கையும் பலகையைப் பார்த்துக் கொப்பியில் இறக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் தலை நிமிர்கிறது, ஒவ்வொரு நிமிர்விலும் யன்னல் இருக்கிறது. திரும்பக் குனியும்போது எந்தக் கணக்கில் நின்றோம் என்பது மறந்துபோகும். கணக்குச் செய்ய முதலே அவனுடைய கவனம் செலவாகிவிடுகிறது. கணக்குப் பாடத்தின் நோக்கம் பெருக்கல், பார்த்தெழுதல் அல்ல. துண்டுக் கடதாசியைக் கொப்பியில் ஒட்டிவிட்டு அதன் கீழே செய்யட்டும். தமிழ்ப் பாடத்தில் பார்த்தெழுதுவதே பயிற்சியாக இருக்கும் நாளில் இந்தச் சலுகை வேண்டாம், அங்கே வரி வரியாகப் பிரிக்கலாம்.

அப்படிப் பிரித்துக் கொடுத்தேன். இப்போது அவசர அவசரமாக எழுதி எல்லாம் பிழையாக வருகிறது.

அடுத்த துண்டு கிடைப்பதும் எழும்பி நடப்பதும் அவனுக்குப் பரிசாகிவிட்டன, அதனால் ஓடுகிறான். முடித்த அடையாளத்தை மாற்றுங்கள். ஒவ்வொரு விடையின் பக்கத்திலும் அவனே ஒரு சின்னப் புள்ளி வைக்க வேண்டும், புள்ளி என்றால் 'ஒன்றின் இடத்தைத் திரும்பப் பெருக்கிப் பார்த்தேன்' என்று பொருள். 24×3 இல் 4×3 = 12, எனவே விடை 2 இல் முடிய வேண்டும். இவ்வளவு பார்த்தால் போதும். முழுவதையும் சரிபார்க்கச் சொன்னால் செய்ய மாட்டான், எங்கே பார்ப்பது என்று சொன்னால் செய்வான்.

பிழைகள் கொண்டுபோதல் உள்ள கணக்கில் மட்டும் வந்தால் அது அவசரம் அல்ல, பாடம் விளங்கவில்லை. அதற்கு வேலைப் பிரிப்பு மருந்தாகாது, திரும்பப் படிப்பிக்க வேண்டும்.

மற்றப் பிள்ளைகள் 'அவனுக்கு மட்டும் ஏன் சேர்' என்கிறார்கள்.

எல்லோருக்கும் துண்டாகவே கொடுத்துவிடுங்கள். கேட்கும் 36 பேரில் ஏழெட்டுப் பேருக்கு அது நல்லதுதான், மற்றவர்களுக்குக் கெடுதல் இல்லை. வேகமாகச் செய்கிறவர்கள் மூன்றையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளட்டும்.

நேரசூசி, வகுப்பு விதிகள் எல்லாம் நிறம் தீட்டிச் சுவரில் ஒட்டியிருக்கு. அவன் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை.

சுவரில் ஒட்டியது அலங்காரம். வழமை என்பது உடம்புக்குப் பழகிய வேலை, அதை எழுத்தைப் பழக்குவது போல் பழக்க வேண்டும். எல்லா வழமையையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். எந்த நேரத்தில் அதிகம் குலைகிறதோ அந்த ஒன்றை எடுங்கள். பெரும்பாலும் அது இடைவேளை முடிந்து வரும் முதல் பத்து நிமிடம். வியர்வையோடு ஓடிவருவார்கள், தண்ணீர்ப் போத்தல் உருளும், யாரோ யாரையோ தள்ளிவிட்டதாக முறைப்பாடு. இந்தப் பையன் அந்தக் களேபரத்துக்குள் நுழைந்தால் அடுத்த பாடநேரம் முழுக்க வெளியே வர மாட்டான்.

மூன்றே படி வைத்தோம். போத்தல் கதிரைக்குக் கீழே. கொப்பியில் திகதி. பலகையில் இருக்கும் ஒரு கணக்கு. அந்தக் கணக்கு நேற்றுச் செய்தது போன்ற இலகுவான ஒன்று, மணி அடிக்க முதலே பலகையில் இருக்க வேண்டும். மணி அடித்த பிறகு நான் எழுதத் திரும்பினால் என் முதுகைத்தான் பார்ப்பார்கள், அதோடு காரியம் கெட்டது.

முதல் நாள் இதைச் செய்தே காட்ட வேண்டும். நானே மாணவன் போல வாசலிலிருந்து வந்து, போத்தலை வைத்து, திகதி எழுதிக் காட்டினேன். சிரித்தார்கள். பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பித் திரும்ப வரச் சொன்னேன். இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் அதே சொற்கள்: 'போத்தல், திகதி, கணக்கு.' சொற்களை மாற்றக்கூடாது. ஒரு நாள் 'போத்தலை வைங்கோ', மறுநாள் 'எல்லாம் ஒழுங்காய் இருக்கட்டும்' என்றால் அவனுக்கு அது வேறு கட்டளை. மூன்றும் ஒரு சின்ன அட்டையில், படமாக, அவன் மேசையின் மேல் மூலையில் ஒட்டியிருந்தது. தவறும்போது திட்டாமல் அட்டையை விரலால் தட்டுவேன், அவ்வளவுதான்.

பாராட்டும்போது எதைப் பாராட்டுகிறோம் என்று சொல்லுங்கள். 'நல்ல பிள்ளை' என்பதில் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. 'திகதி எழுதியாச்சு, சரி' என்றால் அடுத்த முறையும் திகதி எழுதுவான். தாமதமாகச் சொல்வதிலும் பயனில்லை, அந்த நிமிடத்திலேயே சொல்ல வேண்டும்.

இன்னொரு இடம், கட்டளைகள். 'கொப்பியை எடுத்து, 43 ஆம் பக்கத்தைத் திறந்து, இரண்டாம் பயிற்சியைச் செய்து, முடிந்தவர்கள் மூன்றாவதைத் தொடங்குங்கள்' என்று ஒரே மூச்சில் சொன்னால் அவன் கொப்பியை எடுத்துக்கொண்டு முழிப்பான். ஒன்று சொல்லுங்கள், செய்யும்வரை நில்லுங்கள், அடுத்ததைச் சொல்லுங்கள். மெதுவாகப் போவது போலத் தோன்றும். ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லும் நேரம் மிச்சமாகும்.

உண்மையிலேயே உதவுதா, அல்லது எங்களுக்கு அப்படித் தோன்றுதா?

எண்ணிப் பார்த்தால் தெரியும். எழுதும் நேரத்தில் பத்து நிமிடத்தைத் தெரிவுசெய்யுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை, மணிக்கூட்டைப் பார்த்து, சரியாக அந்தக் கணத்தில் அவனைப் பாருங்கள். வேலையில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் கோடு. அதே நேரத்தில் சாதாரணமாகப் படிக்கும் இன்னொரு பிள்ளையையும் பார்த்துக் குறியுங்கள். இந்த ஒப்பீடு இல்லாவிட்டால், 36 பேருமே சத்தம் போட்ட ஒரு வெள்ளிக்கிழமை இவன் கணக்கில் விழுந்துவிடும்.

எதையும் மாற்ற முதலே மூன்று நாள் குறித்தேன். இந்தப் பையனுக்கு பத்தில் மூன்று அல்லது நாலு, ஒப்பிட்ட பிள்ளைக்கு எட்டு. கதிரையை மட்டும் மாற்றிய கிழமையில் ஐந்துக்கு வந்தான். துண்டுக் கடதாசி சேர்ந்த பிறகு ஆறு, ஏழு. அதற்கு மேல் போகவில்லை, அதுவே போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எது உதவியது என்று தெரிந்திருக்காது, பிறகு எதைக் கைவிடலாம் என்பதும் தெரியாது.

புதிதாக ஒன்றைத் தொடங்கினால் முதல் சில நாள் நன்றாக இருக்கும், புதுமைக்காக. இரண்டாம் கிழமையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இவனுக்கு ஏடிஎச்டிதானா? தாய் கேட்கிறார், நான் என்ன சொல்ல?

கவனக்குறைவு, துடியாட்டக் கோளாறு என்ற அந்தப் பெயரை ஆசிரியர் சொல்லக்கூடாது, நமக்குத் தெரிந்தாலும். நோயென்று முடிவெடுக்க வைத்தியர்கள் பார்க்கும் விடயங்களில் சில: அறிகுறிகள் ஆறு மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். என் வகுப்பில் மட்டும், அதுவும் கணக்குப் பாடத்தில் மட்டும் என்றால் காரணம் வேறாக இருக்கலாம்.

முதலில் காது, கண். பின்னால் நின்று மெதுவாகப் பேர் சொல்லிப் பாருங்கள். பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறானா? பிறகு நித்திரை. புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று தரம் 4 இலேயே இரவு எட்டு மணி வரை ரியூசன் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், காலையில் அவர்கள் கவனம் இல்லாமல் இருப்பது நோய் அல்ல. காலையில் சாப்பிட்டானா என்று கேளுங்கள். வீட்டில் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா, அண்மையில் ஏதும் இழப்பு நடந்ததா என்பதையும் மெதுவாக அறியலாம்.

தாயிடம் நாம் சொல்லக்கூடியது கண்டவை மட்டும்: 'எழுதத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் நிறுத்துகிறான், கதிரையை மாற்றியதும் கொஞ்சம் கூடியிருக்கு, இதோ குறிப்பு.' அந்தக் குறிப்பையே வைத்தியருக்குக் கொண்டுபோகலாம். மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்ப முதல் குடும்ப வைத்தியரிடம் அல்லது சிகிச்சை நிலையத்தில் காட்டி அங்கிருந்து போவது அலைச்சலைக் குறைக்கும். இருக்கையும் துண்டுக் கடதாசியும் நோயை மாற்றாது. வைத்தியர் மருந்து கொடுத்தாலும் இவை தேவைப்படும்.

துடியாட்டம் இல்லாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருக்கும் பெண் பிள்ளைகளை நாம் தவறவிட்டுவிடுகிறோம். அவர்களுக்கும் அந்தப் பத்து நிமிடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பிரம்பைக் காட்டினால் அடங்குகிறானே?

அடங்குவான், எழுத மாட்டான். பிரம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை கொப்பியைப் பார்க்கவில்லை. தவிர, கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டிலேயே 2005/17 சுற்றுநிருபத்தால் உடல்ரீதியான தண்டனையைத் தடுத்தது. முடிக்காத கணக்குக்காக இடைவேளையை வெட்டுவதும் வேண்டாம். ஓடி விளையாடாமல் வருபவன் அடுத்த பாடத்தில் இன்னும் கதிரையில் நிற்க மாட்டான்.

நான் லீவு போடுகிற நாளில் எல்லாம் குலைந்துபோகிறது. ஆங்கில ரீச்சர் வந்தாலும் அப்படித்தான்.

அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதுதான் காரணம். வகுப்பேட்டின் உள் அட்டையில் ஒரு பாதித் தாளை ஒட்டி வையுங்கள். நீளமான விளக்கம் எழுதினால் யாரும் வாசிக்க மாட்டார்கள். இந்தப் பையனுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: 'சுவரோரம், இரண்டாம் வரிசை, மாற்ற வேண்டாம். ஒரு தடவைக்கு மூன்று கேள்வி, முடிந்ததும் அடுத்த மூன்று. தவறினால் மேசையில் உள்ள அட்டையைத் தட்டுங்கள், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். புத்தகம் பகிர்ந்துகொடுக்கும் வேலையை இவனிடம் விடலாம்.' ஆங்கில ரீச்சரிடம் முதல் நாள் நானே நேரில் சொன்னேன். அவர் தன்னுடைய பாடத்துக்கும் அதே மூன்று சொற்களை, போத்தல், திகதி, பிறகு 'கணக்கு' என்ற இடத்தில் 'சொல்' என்று வைத்துக்கொண்டார். தரம் 5 க்கு அவன் போகும்போது அந்தப் பாதித் தாளும் பத்து நிமிடக் குறிப்புகளும் அடுத்த வகுப்பாசிரியரின் கைக்குப் போக வேண்டும், வருட முடிவுக் கூட்டத்தில் அல்ல, தை மாதம் வகுப்பு தொடங்கும் முதல் கிழமையில்.